மூன்று வேளையும் புரதம், வாரம் இரண்டு நாள் பளு

காலையில் மூன்று இட்லி, தேங்காய்ச் சட்னி, ஒரு காபி. மதியம் சோறு, சாம்பார், ஒரு பொரியல், கடைசியில் கொஞ்சம் தயிர். மாலையில் மறுபடி காபி, இரண்டு பிஸ்கட். இரவு இரண்டு தோசை. தமிழ்நாட்டில் எந்த ஊரிலும் எழுபதை நெருங்கும் ஓர் அம்மாவின் ஒரு நாள் சாப்பாடு ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். வயிறு நிறைகிறது, சர்க்கரையும் ஓரளவு கட்டுக்குள் இருக்கிறது, எடையும் பல வருடமாக மாறவில்லை. ஆனாலும் பேருந்தில் ஏறும்போது கம்பியை இரண்டு கையாலும் பிடித்து இழுக்க வேண்டியிருக்கிறது. தரையில் உட்கார்ந்தால் எழுவதற்கு யாராவது கை கொடுக்க வேண்டியிருக்கிறது. “வயசாச்சுல்ல” என்று வீட்டில் எல்லாரும் அதை ஏற்றுக்கொண்டுவிடுகிறார்கள்.

வயது ஒரு காரணம்தான். முப்பதைத் தாண்டியதும் தசை மெல்லக் குறையத் தொடங்குகிறது. ஒவ்வொரு பத்தாண்டுக்கும் 3 முதல் 8 விழுக்காடு வரை குறையும் என்பது பொதுவான கணக்கு. அறுபதுக்குப் பிறகு வேகம் கூடுகிறது. தசையின் அளவு குறைவதைவிட அதன் வலிமை இன்னும் விரைவாகக் குறைகிறது. எடைக் கருவி இதைக் காட்டாது. போன தசையின் இடத்தில் கொழுப்பு சேர்ந்துவிட்டால் முள் அதே எண்ணிலேயே நிற்கும். ஆனால் இந்த இழப்பில் ஒரு பெரும் பங்கு வயதால் மட்டும் வருவதல்ல. தட்டிலிருந்தும் நாற்காலியிலிருந்தும் வருகிறது. அந்தப் பங்கை நம்மால் மாற்ற முடியும்.

மேலே சொன்ன அம்மாவுக்கு வயது 68, எடை 55 கிலோ, முட்டைகூடத் தொடாத சைவம் என்று வைத்துக்கொண்டு தட்டைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓர் இட்லியில் சுமார் 2 கிராம் புரதம் இருக்கிறது; மூன்றுக்கு 6. சட்னிக்கு 1, நூறு மில்லி பால் சேர்ந்த காபிக்கு 3. ஆக, காலையில் 10 கிராம். மதியம் 75 கிராம் அரிசியில் வடித்த சோற்றுக்கு 6, சாம்பாரில் அவர் பங்குக்கு வரும் 20 கிராம் துவரம்பருப்புக்கு 4, பொரியலுக்கு 2, சிறு கிண்ணம் தயிருக்கு 3; மொத்தம் 15. மாலையில் 4. இரவு தோசைக்கும் சட்னிக்கும் சேர்த்து 6 அல்லது 7. நாள் முழுவதும் கூட்டினால் 36 கிராம்தான் வருகிறது.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, பெரியவர்களுக்குக் கிலோவுக்கு 0.83 கிராம் தரமான புரதம் வேண்டும். 55 கிலோ பெண்ணுக்கு அது 46 கிராம் ஆகிறது. இது எல்லா வயதுப் பெரியவர்களுக்கும் பொதுவான கணக்கு. முதியவர்களுக்கென்று பல நாட்டு வல்லுநர்கள் சேர்ந்து 2013இல் வெளியிட்ட பரிந்துரை இன்னும் மேலே போகிறது: கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம். அதாவது 55 முதல் 66 கிராம். நம் அம்மா முதல் கோட்டையே எட்டவில்லை.

ஆனால் மொத்தம் குறைவது பிரச்சினையின் ஒரு பாதிதான். ஒவ்வொரு வேளைக்கும் எவ்வளவு வருகிறது என்பது இன்னொரு பாதி. அது இளையவர்களைவிட முதியவர்களுக்கு அதிகம் பொருந்துகிறது.

உடலில் தசை ஓயாமல் உடைந்துகொண்டும் கட்டப்பட்டுக்கொண்டும் இருக்கிறது. சாப்பிட்ட பிறகு சில மணி நேரம் கட்டுமானம் முந்துகிறது. வயிறு வெறுமையாக இருக்கும்போது உடைப்பு முந்துகிறது. கொழுப்பைச் சேமிப்பதுபோல் புரதத்தைத் தனியாகச் சேமித்துவைக்க உடலில் இடமில்லை. தேவைப்படும்போது எடுக்கும் இருப்பே தசைதான். கட்டுமானத்தைத் தொடங்கிவைப்பது சாப்பாட்டிலிருந்து இரத்தத்துக்கு வரும் அமினோ அமிலங்கள். அவற்றில் லியூசின் என்ற ஒன்றுதான் முதன்மையான அறிவிப்பைக் கொடுக்கிறது. இளம் வயதில் குறைந்த அளவு வந்தாலும் தசை அந்த அறிவிப்பைக் கேட்டு வேலையைத் தொடங்கிவிடும். வயதானவரின் தசைக்குக் காது மந்தமாகிவிடுகிறது. அதே அளவு வந்தால் அது பெரிதாக அசைவதில்லை. கூடுதலாக வந்தால்தான் கேட்கிறது.

எவ்வளவு கூடுதல் என்பதையும் அளந்திருக்கிறார்கள். பல ஆய்வுகளின் தரவுகளை ஒன்றாக வைத்து 2015இல் வெளியான ஒரு கணக்கின்படி, கட்டுமானம் உச்சத்தை எட்ட இளைஞர்களுக்கு ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 0.24 கிராம் போதுமாக இருந்தது. எழுபதை ஒட்டிய ஆண்களுக்கு 0.4 கிராம் தேவைப்பட்டது. 55 கிலோ எடைக்கு 0.4 என்றால் 22 கிராம். இது கத்தியால் வெட்டிய கோடு அல்ல. 20 சாப்பிட்டால் ஒன்றும் நடக்காது, 22 சாப்பிட்டால் எல்லாம் நடக்கும் என்று கிடையாது. ஆனாலும் 10, 15, 7 என்று போகும் ஒரு நாளுக்கும் 22க்கும் உள்ள இடைவெளி பெரியது. நம் அம்மாவின் எந்த வேளையும் அந்த அளவுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை.

“புரதத்தை மூன்று வேளைக்கும் பங்கிட்டுச் சாப்பிடுங்கள்” என்ற அறிவுரையைத் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இதுதான். இருக்கிற 36 கிராமை மூன்றாகப் பிரித்து வேளைக்கு 12 என்று வைத்தால் பங்கீடு சமமாகத்தான் இருக்கும், பலன் இருக்காது. பிரான்சில் 1999இல் வெளியான ஓர் ஆய்வு இதைக் காட்டுகிறது. சராசரியாக 68 வயதான 15 பெண்களில் ஒரு பகுதியினருக்கு நாளின் புரதத்தை நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு ஐந்தில் நான்கு பங்கை மதியம் ஒரே வேளையில் கொடுத்தார்கள். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தபோது, மதியம் மொத்தமாகச் சாப்பிட்டவர்களின் உடலில்தான் புரதம் கூடுதலாகத் தங்கியிருந்தது. நான்காகப் பிரிந்த சிறு அளவுகள் மந்தமான அந்தக் காதை எட்டவில்லை, ஒரே வேளையில் வந்த பெரிய அளவு எட்டியது என்பதுதான் இதற்குப் பொருத்தமான விளக்கம்.

இதற்கு எதிர்ப்பக்கத்திலும் சான்று இருக்கிறது. 2014இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில் வேளைக்கு 30 கிராம் வீதம் மூன்று வேளை சாப்பிட்டவர்களுக்கு, இரவில் மட்டும் குவித்துச் சாப்பிட்டவர்களைவிடத் தசைக் கட்டுமானம் 25 விழுக்காடு அதிகமாக இருந்தது. ஆனால் அதில் கலந்துகொண்டவர்கள் முதியவர்கள் அல்ல. முதியவர்களை வைத்து அடுத்த ஆண்டு வெளியான இன்னோர் ஆய்வில், பங்கிடும் விதத்தால் வித்தியாசமே தெரியவில்லை. மொத்த அளவைக் கூட்டியதுதான் பலன் தந்தது. ஆகவே சமமாகப் பங்கிடுவதிலேயே ஏதோ மந்திரம் இருப்பதாக நான் சொல்லமாட்டேன். மொத்த அளவு முதலில் கூட வேண்டும். கூடிய அளவு, குறைந்தது இரண்டு வேளையிலாவது, முடிந்தால் மூன்றிலும், 20 கிராமைத் தாண்டும்படி வந்து சேர வேண்டும். நம் சமையலில் மதியத்தை அந்த அளவுக்குக் கொண்டுவருவது சுலபம். காலையிலும் இரவிலும்தான் ஓட்டை பெரிது. அதை அடைக்கும்போது பங்கீடு தானாகவே நடந்துவிடுகிறது.

நம் அம்மாவின் தட்டை மாற்றிப் பார்ப்போம். காலையில் இட்லிக்குப் பதிலாக அடை. 50 கிராம் பருப்பும் 40 கிராம் அரிசியும் அரைத்து வார்த்தால் இரண்டு அடை வரும். புரதம் 14 கிராம். தொட்டுக்கொள்ளச் சட்னி, கூடவே ஒரு சிறு கிண்ணம் தயிர், வழக்கமான காபி எல்லாம் சேர்ந்தால் 21. மதியம் அரிசியை 60 கிராமாகக் குறைத்து, நீர்த்த சாம்பாருக்குப் பதிலாக 40 கிராம் பருப்பு போட்ட கெட்டியான கூட்டு, ஒரு பொரியல், 200 கிராம் தயிர். அது 22. மாலையில் காபி மட்டும், 3 கிராம். இரவு இரண்டு தோசையோடு 20 கிராம் மீல்மேக்கரை ஊறவைத்துச் செய்த குருமா அல்லது 50 கிராம் பன்னீர், படுக்கும் முன் ஒரு டம்ளர் பால். அது 21. நாளின் மொத்தம் 67 கிராம், கிலோவுக்கு 1.2. சோறு குறைந்திருப்பதால் சர்க்கரை உள்ளவருக்கும் இந்தத் தட்டு உகந்ததுதான்.

மாலைப் பலகாரத்தை நான் வேண்டுமென்றேதான் எடுத்தேன். வயதானவர்களுக்குப் பசி குறைவு. ஐந்து மணிக்கு ஒரு தட்டு சுண்டல் சாப்பிட்டால், நல்ல உணவுதான் என்றாலும், இரவுச் சாப்பாடு பாதியாகிவிடும். அந்தச் சுண்டலையே இரவுத் தோசைக்குப் பக்கத்தில் வைத்தால் அந்த வேளை நிமிர்ந்துவிடும்.

முட்டை சாப்பிடுகிறவர்களுக்கு வேலை இன்னும் எளிது. ஒரு முட்டைக்கு 6 கிராம். இரண்டு இட்லி, இரண்டு முட்டை, ஒரு டம்ளர் பால் என்றால் காலை வேளை 22க்கு வந்துவிடும். மீன் சாப்பிடும் வீட்டில் 100 கிராம் சதை 18 முதல் 20 கிராம் புரதம் தரும். பல் இல்லாதவர்களும் மென்று விழுங்கலாம். பல் போனதால் கறியையும் கடலையையும் கைவிட்டு, கஞ்சிக்கும் ரசஞ்சோற்றுக்கும் இறங்கிவிட்ட முதியவர்கள் ஏராளம். அவர்களுக்கு முதலில் வேண்டியது பல் மருத்துவர். அதுவரை குழைய வேகவைத்த பாசிப்பருப்பு, தயிர், கரண்டியால் மசித்த பன்னீர், உதிர்த்த மீன் ஆகியவை கைகொடுக்கும்.

பருப்பைக் கூட்டியதும் எல்லா வீட்டிலும் எழும் மறுப்பு ஒன்றுதான்: “வாயு பிடிக்கும்டி, எனக்கு ஆகாது.” அது நியாயமான மறுப்புதான்; ஒரே நாளில் 20 கிராம் பருப்பை 90 ஆக்கினால் யாருக்கும் வயிறு உப்பும். மூன்று வாரத்தில் படிப்படியாகக் கூட்ட வேண்டும். முதல் வாரம் மதியக் கூட்டு மட்டும், அடுத்த வாரம் காலை அடை, அதன்பிறகு இரவு. நன்றாக ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டி, இஞ்சியும் பெருங்காயமும் சேர்த்து வேகவைத்தால் பெரும்பாலானவர்களுக்குப் பழகிவிடுகிறது. மற்றப் பருப்புகளைவிடப் பாசிப்பருப்பு வயிற்றுக்கு இதமானது. அரிசியையும் பருப்பையும் சேர்த்தே சாப்பிடும் நம் வழக்கத்துக்கும் ஒரு காரணம் உண்டு: அரிசிப் புரதத்தில் குறையும் லைசின் பருப்பில் இருக்கிறது, பருப்பில் குறையும் மெத்தியோனின் அரிசியில் இருக்கிறது. இருந்தாலும் பால், முட்டை, மீன் அளவுக்குப் பருப்புப் புரதம் முழுதாகச் செரிப்பதில்லை. ஆகவே சைவத் தட்டில் கணக்கு எப்போதும் கொஞ்சம் தாராளமாக இருக்க வேண்டும். பாலோ தயிரோ மூன்று வேளையும் எட்டிப்பார்க்க வேண்டும்.

டப்பாவில் வரும் சத்துமாவு பானங்களைப் பற்றியும் கேட்பார்கள். டப்பாவின் முன்பக்கத்தைப் படிக்காதீர்கள். பின்பக்கத்தில் ஒரு முறை கலக்கும் அளவுக்கு எத்தனை கிராம் புரதம், எத்தனை கிராம் சர்க்கரை என்று போட்டிருப்பதைப் படியுங்கள். புரதத்தைவிடச் சர்க்கரை கூடுதலாக இருந்தால் அதை வாங்கும் காசுக்குப் பாலும் பருப்பும் வாங்கலாம்.

தட்டை இவ்வளவு பாடுபட்டு மாற்றிய பிறகும், அந்த அம்மா நாள் முழுவதும் நாற்காலியிலேயே இருந்தால் கால் வலுக்கப்போவதில்லை. இதை எனக்குத் தெரிந்தவரை தெளிவாகக் காட்டியது அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் நடந்த வேலை. மரியா ஃபியாடரோன் என்ற மருத்துவர் 1990இல் 86 முதல் 96 வயது வரையிலான பத்துப் பேரைப் பளுப் பயிற்சிக்குச் சேர்த்தார். எட்டு வாரம், வாரம் மூன்று நாள், தொடையின் முன்பக்கத் தசைக்கு உண்மையான பளு. ஒருவரால் ஒரே ஒரு முறை தூக்க முடிகிற உச்ச எடையில் 80 விழுக்காட்டை எட்டும் பளு அது. பயிற்சியை முடித்த ஒன்பது பேரின் கால் வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியது. தொடைத் தசையின் அளவு 9 விழுக்காடு கூடியது. தொண்ணூறு வயதுத் தசையும் பாரத்துக்குப் பதில் சொல்லும் என்று அன்று நிலைநாட்டப்பட்டது.

அதே குழு 1994இல் நூறு முதியவர்களை நான்கு பிரிவாகப் பிரித்தது. சிலருக்குப் பயிற்சி மட்டும், சிலருக்குச் சத்துப் பானம் மட்டும், சிலருக்கு இரண்டும், சிலருக்கு இரண்டும் இல்லை. பத்து வாரத்தில் பயிற்சி செய்தவர்களின் வலிமை இரு மடங்குக்கு மேல் ஆனது. சத்துப் பானம் மட்டும் குடித்தவர்களிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை. இதில் இன்னொன்றும் தெரியவந்தது: பயிற்சி செய்யாதவர்கள் பானத்தைக் குடித்துவிட்டுச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார்கள், ஆகவே அவர்கள் உள்ளே எடுத்த மொத்தச் சக்தி கூடவே இல்லை. பயிற்சியோடு பானத்தையும் எடுத்தவர்களுக்குத்தான் அது கூடியது. அந்தப் பானத்தில் புரதம் குறைவு, மாவுச்சத்துதான் அதிகம் என்பதையும் சேர்த்தே இந்த முடிவைப் பார்க்க வேண்டும். ஆனாலும் உழைப்பு கேட்காத தசை, வந்த சத்தை வாங்கிக்கொள்வதில்லை என்பது உறுதியாயிற்று. பாரத்தைச் சுமந்த தசையின் மந்தமான காது கூர்மையாகிறது. ஒரு நாள் பயிற்சி செய்தால் அந்தக் கூர்மை ஒரு நாளுக்கு மேலும் நீடிக்கிறது. பயிற்சி முடித்து அரை மணிக்குள் புரதம் சாப்பிட்டாக வேண்டும் என்று உடற்பயிற்சிக் கூடங்களில் அவசரப்படுத்துவார்கள். முதியவர்களுக்கு அந்த அவசரம் தேவையில்லை. அன்றும் மறுநாளும் வரும் வேளைகள் நிறைவாக இருந்தால் போதும்.

“நான்தான் தினமும் நடக்கிறேனே” என்பார்கள். நடை இதயத்துக்கு நல்லது, சர்க்கரைக்கு நல்லது, விடக்கூடாது. ஆனால் சமதரையில் நடக்கும்போது காலுக்கு வரும் பாரம் இன்றும் நாளையும் ஒன்றேதான். அதைத் தாங்கத் தசை ஏற்கெனவே பழகியிருக்கிறது. தசை வளரப் பாரம் கூடிக்கொண்டே போக வேண்டும். தரையில் உட்கார்ந்து எழுவதும், குந்தியபடி வேலை செய்வதும், குடத்தில் தண்ணீர் சுமப்பதும் முன்பு இதில் ஒரு பகுதியையாவது தினமும் செய்துகொண்டிருந்தன. மேசைக்கும் உயரமான கழிப்பறைக்கும் குழாய்க்கும் மாறிய வீடுகளில் அதைத் தனியாக ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கிறது.

இதற்குப் பெரிய கூடம் வேண்டாம். நான்கு அசைவுகள், வாரம் இரண்டு நாள், நடுவில் குறைந்தது ஒரு நாள் ஓய்வு. முதலாவது, மிகவும் தேவையானது, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. வழுக்கும் பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம். கனமான மர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட வேண்டும். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, பாதங்களை முழங்காலுக்கு நேர்கீழே இழுத்து வைத்து எழ வேண்டும். உட்காரும்போது தொப்பென்று விழாமல் மூன்று எண்ணி இறங்க வேண்டும். இரண்டாவது, சுவரில் கை ஊன்றித் தண்டால். மூன்றாவது, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது. நான்காவது, ஜன்னல் கம்பியில் கட்டிய ரப்பர் பட்டையின் இரு முனைகளையும் விலாவை நோக்கி இழுப்பது. ஒவ்வொன்றும் 8 முதல் 12 முறை. இரண்டு நிமிடம் ஓய்வு. பிறகு இன்னொரு சுற்று.

எண்ணிக்கையைவிட முதன்மையானது கடினம். ஒரு சுற்றை முடிக்கும்போது “இன்னும் இரண்டு மூன்று முறை முடியும், அதற்கு மேல் முடியாது” என்ற நிலை வர வேண்டும். பேசிக்கொண்டே இருபது முறை செய்ய முடிந்தால் அது பளுப் பயிற்சி ஆகாது. வீடுகளில் இந்தப் பயிற்சி தோற்பது பெரும்பாலும் இங்கேதான்: முதல் மாதம் செய்ததையே ஆறாவது மாதமும் செய்துகொண்டிருப்பார்கள்.

நம் அம்மா எப்படி நகரலாம் என்று பார்ப்போம். முதல் நாள் கை ஊன்றாமல் ஏழு முறைதான் எழ முடிகிறது என்று கொள்வோம். நாற்காலியில் ஒரு கெட்டித் தலையணையைப் போட்டு உயரத்தைக் கூட்டினால் பத்து முறை எழ முடியும். அங்கே தொடங்கலாம். இரண்டு சுற்றிலும் பன்னிரண்டு முறை வந்துவிட்டால், அதை அடுத்த தடவையும் செய்ய முடிந்தால், தலையணையை எடுத்துவிட வேண்டும். எண்ணிக்கை மறுபடி எட்டுக்கு இறங்கும், அது சரிதான். அது பன்னிரண்டுக்கு ஏறியதும் துணிப்பையில் ஒரு கிலோ அரிசியைக் கட்டி மார்போடு அணைத்துக்கொண்டு எழ வேண்டும். பிறகு இரண்டு கிலோ, மூன்று கிலோ. முதல் சில வாரங்களில் வரும் முன்னேற்றம் தசை வளர்ந்ததால் அல்ல. இருக்கிற தசையை நரம்புகள் நன்றாகப் பயன்படுத்தக் கற்றுக்கொள்வதால் வருவது. தசை தடிக்க இரண்டு மூன்று மாதம் ஆகும்.

எழும்போது மூச்சை அடக்கக்கூடாது. அடக்கினால் இரத்த அழுத்தம் சட்டென ஏறும். எழும்போது மூச்சை வெளியே விட வேண்டும்; வாய்விட்டு எண்ணினால் அது தானாக நடக்கும். மறுநாள் தொடையில் ஒரு மந்தமான வலி இருந்தால் அது இயல்பு. இரண்டு நாளில் போய்விடும். முழங்காலுக்குள் குத்துகிற வலி வேறு. அது வந்தால் நாற்காலியின் உயரத்தைக் கூட்டி, பாரத்தைக் குறைத்துச் செய்ய வேண்டும். மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள் இதைக் கைவிடக்கூடாது. தொடைத் தசை வலுத்தால் அந்த வலியே குறைகிறது. மார்பில் இறுக்கமோ தலைசுற்றலோ வந்தால் உடனே நிறுத்த வேண்டும். அண்மையில் மாரடைப்போ கண் அறுவையோ நடந்தவர்கள், கட்டுக்கடங்காத இரத்த அழுத்தம் உள்ளவர்கள், குடலிறக்கம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுத்தான் தொடங்க வேண்டும். இன்சுலின் போடுகிறவர்கள் வெறும் வயிற்றில் செய்யக்கூடாது.

புரதத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அது சிறுநீரகம். ஆரோக்கியமான சிறுநீரகத்துக்குக் கிலோவுக்கு 1.2 கிராம் சுமை அல்ல. ஆனால் நீண்ட கால நீரிழிவு உள்ளவர்களில் பலருக்கு அவர்கள் அறியாமலேயே சிறுநீரகம் பழுதடைந்திருக்கும். ஆகவே தட்டை மாற்றுவதற்கு முன் இரத்தத்தில் கிரியாட்டினினும், சிறுநீரில் ஆல்புமினும் பார்த்துவிட வேண்டும். ஒரு நுணுக்கம்: கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. தசை மிகவும் மெலிந்தவருக்குச் சிறுநீரகம் கெட்டிருந்தாலும் அந்த எண் குறைவாகவே காட்டக்கூடும். அப்படி ஐயம் இருந்தால் சிஸ்டாட்டின் சி என்ற சோதனை உண்மையைச் சொல்லும். சிறுநீரகம் பழுது என்று தெரிந்தால் புரத அளவைச் சிறுநீரக மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். டயாலிசிஸ் தொடங்கியவர்களுக்கோ கணக்கு நேர்மாறாகிறது. அவர்களுக்குப் புரதம் கூடுதலாகவே வேண்டும். பழைய பத்தியத்தை அப்போதும் விடாமல் தொடர்ந்து மெலிகிறவர்கள் உண்டு.

பலன் வருகிறதா என்பதைக் கைக்கடிகாரமும் தையல்காரரின் நாடாவும் சொல்லிவிடும். கையைக் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்கார எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். ஆசிய நாடுகளின் வல்லுநர் குழு 2019இல் வகுத்த அளவின்படி 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் எச்சரிக்கை. கெண்டைக்காலின் பருத்த இடத்தில் சுற்றளவு ஆணுக்கு 34 சென்டிமீட்டருக்கும் பெண்ணுக்கு 33க்கும் கீழே இருந்தாலும் எச்சரிக்கை. கால் வீங்கியிருந்தால் மட்டும் இந்த அளவு ஏமாற்றும். மாதம் ஒரு முறை காலண்டரில் குறித்துவைத்தால் போதும். முயற்சி எதுவும் செய்யாமலே ஆறு மாதத்தில் எடை இருபதில் ஒரு பங்கு குறைந்தால், அது தட்டின் குறை என்று நாமே முடிவுகட்டாமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

சேர்த்த தசை மிக வேகமாகக் கரைவது படுக்கையில்தான். ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்துச் செய்த ஓர் ஆய்வில், கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை போயிற்று. அவர்களுக்கு நோய்கூட இல்லை. காய்ச்சலோ எலும்பு முறிவோ வந்து படுத்தவருக்கு இழப்பு இன்னும் அதிகம். அந்த நாட்களில்தான் நம் வீடுகளில் கஞ்சியும் ரொட்டியும் மட்டும் கொடுக்கிறோம். சிறுநீரகம் சரியாக இருப்பவருக்கு அப்போது புரதம் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை வேண்டும். கஞ்சியிலேயே பாசிப்பருப்பைக் குழைத்து, தயிரையும் பாலையும் பிரித்துப் பிரித்துக் கொடுக்கலாம். மருத்துவர் எழ அனுமதித்த அன்றே, யாராவது பக்கத்தில் நிற்க, கட்டிலின் விளிம்பிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார வைக்க வேண்டும். காலை, மதியம், மாலை என்று மூன்று தடவை. வீடு திரும்பிய பிறகு அரிசிப் பையைப் பழைய எடையில் பாதியிலிருந்து மறுபடி தொடங்கலாம்.